டிக் தரவிலிருந்து ஒரு நிமிட பார்: வர்த்தகமே நடக்காத நிமிடங்களை என்ன செய்வது?

அதிகம் வர்த்தகமாகும் பங்கை வைத்து நிரல் எழுதிப் பார்ப்பவர்களுக்கு இந்த வேலை எளிதாகத் தோன்றும். ஒவ்வொரு நிமிடத்திலும் நூற்றுக்கணக்கான டிக்குகள் இருப்பதால் எப்படி எழுதினாலும் ஏதோ ஒரு பார் வந்துவிடும். அதே நிரலை ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறு நிறுவனப் பங்கின் மீதோ, தொலைவான ஸ்டிரைக் ஆப்ஷன் மீதோ ஓட்டும்போதுதான் பிழைகள் வெளியே வருகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியை அப்படி ஒரு மந்தமான பங்கை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சந்தை என்எஸ்இ பங்குப் பிரிவு, மொழி பைத்தான், நூலகம் pandas.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் நான்கு விவரங்கள் தேவை: பரிவர்த்தனை மையம் இட்ட நேரம், விலை, எண்ணிக்கை, வரிசை எண் அல்லது வர்த்தக எண். இவற்றில் பலரும் விட்டுவிடுவது நான்காவதை. அது ஏன் தேவை என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

இதோடு, எந்த நாளில் சந்தை எப்போது திறந்தது, எப்போது மூடியது என்ற அட்டவணை ஒன்றும் வேண்டும். வழக்கமான நாளில் தொடர் வர்த்தகம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கும். அதாவது 375 நிமிடங்கள். இந்த எண்ணை நிரலுக்குள் நேரடியாக எழுதிவிடாதீர்கள். தீபாவளி முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரம்தான். 2024இல் அது மாலை 6 மணிக்குத் தொடங்கியது. 2025இல் பிற்பகல் 1.45க்கே தொடங்கிவிட்டது. அட்டவணை இல்லாத நிரல் அந்த நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட போலி நிமிடங்களை உருவாக்கும்.

## 2. உங்கள் 'டிக்' உண்மையில் என்ன என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 'டிக்' என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, நடந்த ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ஒரு வரி என்று வரும் முழுத் தரவு. மற்றது ஸ்னாப்ஷாட்: அந்தக் கணத்தின் கடைசி விலை, அன்று அதுவரை நடந்த மொத்த வால்யூம், சிறந்த வாங்கும், விற்கும் விலைகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பும் செய்தி. சில்லறை முதலீட்டாளர்களுக்கு புரோக்கர்கள் வெப்சாக்கெட் வழியாகத் தருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

ஸ்னாப்ஷாட்டில் ஒரு செய்தி வந்தால் ஒரு வர்த்தகம் நடந்தது என்று பொருளல்ல. யாரோ வாங்கும் விலையை ஐந்து பைசா மாற்றினாலும் செய்தி வரும்; அதில் கடைசி விலை பழையதாகவே இருக்கும். செய்திகளை எண்ணி 'இந்த நிமிடத்தில் வர்த்தகம் நடந்தது' என்று முடிவு செய்தால், வெற்று நிமிடங்களே உங்கள் கண்ணில் படாது. மொத்த வால்யூம் கூடியிருந்தால் மட்டுமே வர்த்தகம் நடந்திருக்கிறது:

```python
t["qty"] = t["cum_volume"].diff()
t = t[t["qty"] > 0]
```

இந்த இரண்டு வரிகளிலும் இரண்டு கண்ணிகள் உள்ளன. நாளின் முதல் செய்திக்கு முந்தையது இல்லாததால் அதன் வித்தியாசம் `NaN` ஆகி, அந்த வரி வடிகட்டலில் விழுந்துவிடும். அதன் மொத்த வால்யூமைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்திறப்பு அமர்வில் நடந்த வர்த்தகம் அதற்குள் இருக்கிறது. இணைப்பு அறுந்து நான்கு நிமிடம் கழித்து மீண்டும் வந்தால், அந்த நான்கு நிமிட வால்யூமும் ஒரே டிக்கில் வந்து குவியும். அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. அந்த இடைவெளியைக் குறித்து வைக்கத்தான் முடியும்.

ஸ்னாப்ஷாட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. இரண்டு செய்திகளுக்கு நடுவே விலை ஏறி இறங்கினால் உங்கள் பாரின் உச்சம் அதைத் தவறவிடும். செய்தியில் 'நாளின் உச்சம்', 'நாளின் தாழ்வு' ஆகியவை இருந்தால் ஓரளவு மீட்கலாம். ஒரு நிமிடத்துக்குள் நாளின் உச்சம் கூடியிருந்தால் அந்தப் புதிய மதிப்பே அந்த நிமிடத்தின் உண்மையான உச்சம். நாளின் எல்லைக்குள்ளேயே நடந்த சிறு ஏற்ற இறக்கங்களை இப்படி மீட்க முடியாது.

## 3. நேரத்தை முதலிலேயே சரிசெய்யுங்கள்

பயன்படுத்த வேண்டியது பரிவர்த்தனை மையம் இட்ட நேரம். உங்கள் கணினிக்குச் செய்தி வந்து சேர்ந்த நேரத்தை வைத்தால், இணையம் தாமதித்த அளவுக்கு வர்த்தகங்கள் அடுத்த நிமிடத்துக்குத் தள்ளப்படும். நாளை அதே தரவை வேறு இடத்திலிருந்து வாங்கி ஒப்பிட்டால் பொருந்தாது.

அடுத்தது நேர மண்டலம். சில தரவுகள் யுடிசி நேரத்தைத் தருகின்றன. சில, இந்திய நேரத்தையே யுடிசி போல எழுதிவிடுகின்றன. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாற்றிய பிறகு, அதிகம் வர்த்தகமாகும் ஏதாவது ஒரு பங்கின் முதல் தொடர் வர்த்தகம் 9.15ஐ ஒட்டி விழ வேண்டும். 3.45 என்றோ 14.45 என்றோ வந்தால் ஐந்தரை மணி நேரம் ஒரு முறை குறைவாகவோ கூடுதலாகவோ சேர்ந்திருக்கிறது. நேரத்தோடு மண்டலத்தையும் `Asia/Kolkata` என்று ஒட்டி வையுங்கள். வெறும் நேரமாக வைத்தால் இரண்டு கோப்புகளை இணைக்கும்போது குழப்பம் திரும்ப வரும்.

## 4. வரிசையும் இரட்டிப்பும்

பாரின் தொடக்க விலையும் முடிவு விலையும் எது முதலில், எது கடைசியில் என்பதை நம்பியிருக்கின்றன. ஒரு பெரிய ஆர்டர் பல விலைகளில் நிறைவேறும்போது ஒரே நேர முத்திரையில் பல வர்த்தகங்கள் வரும். நேரத்தை மட்டும் வைத்து அடுக்கினால் அவற்றின் உள்வரிசை கலையலாம். எனவே நேரம், பிறகு வரிசை எண் என்று இரண்டையும் வைத்து அடுக்குங்கள்.

இரட்டிப்பை நீக்கும்போது வர்த்தக எண்ணை மட்டும் பாருங்கள். நேரம், விலை, எண்ணிக்கை மூன்றும் ஒன்றாக இருக்கும் வரிகளை நீக்குவது ஆபத்து. ஒரே கணத்தில், ஒரே விலையில், பத்துப் பத்துப் பங்குகளாக மூன்று பேர் விற்றிருக்கலாம். மூன்றும் உண்மையான வர்த்தகங்களே.

## 5. நிமிடத்தின் எல்லை

9.15 என்ற பாருக்குள் 9:15:00.000 சேரும், 9:16:00.000 சேராது. தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. இந்த ஒரே விதியை எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள். பாருக்கு அதன் தொடக்க நேரத்தையே பெயராக வைப்பது வழக்கம்.

அப்படிப் பெயர் வைத்தால் ஒன்றை மறக்கக் கூடாது: 9.15 பாரின் முடிவு விலை 9.16க்குத்தான் தெரியவரும். பின்சோதனையில் 9.15 பாரைப் பார்த்து 9.15க்கே வாங்குவது போல எழுதினால், எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு வாங்குவதாகிவிடும். அப்படிக் கிடைக்கும் லாபம் நேரடி வர்த்தகத்தில் வராது.

## 6. திரட்டுதல்

ஒரு கற்பனைப் பங்கின் முதல் ஐந்து நிமிடங்கள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

```text
09:15:04.120  212.40   50
09:15:41.700  212.10  120
09:15:59.980  212.55   10
09:16:00.000  212.50   30
09:18:22.400  213.00  200
09:18:22.400  212.80   75
```

இந்த வரிகளை நேரத்தைக் குறியீடாகக் கொண்ட `t` என்ற அட்டவணையில் வைத்தால், திரட்டுவது இவ்வளவுதான்:

```python
g = t.resample("1min", closed="left", label="left")
bars = g["price"].ohlc()
bars["volume"] = g["qty"].sum()
bars["trades"] = g["qty"].count()
```

9.17க்கு விலை நான்கும் `NaN` ஆகவும், வால்யூம் 0 ஆகவும் வரும். அந்த `NaN` பிழையல்ல, தகவல். இந்த இடத்தில் `dropna` போட்டு அந்த வரியைத் தூக்கிவிடுவது பலரின் வழக்கம். தூக்கிவிட்டால், பின்னால் 'கடந்த 20 பார்கள்' என்று கணக்கிடும்போது அது 20 நிமிடமா, 50 நிமிடமா என்று யாருக்கும் தெரியாது.

`trades` என்ற நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். முழுத் தரவில் அது வர்த்தகங்களின் எண்ணிக்கை. ஸ்னாப்ஷாட்டில் வால்யூம் கூடிய செய்திகளின் எண்ணிக்கை மட்டுமே.

## 7. முழு நாளுக்கான நிமிடப் பட்டியல்

மேலே உள்ள `resample` முதல் டிக்குக்கும் கடைசி டிக்குக்கும் இடைப்பட்ட வெற்று நிமிடங்களை மட்டுமே காட்டும். நம் பங்கு 9.18க்குப் பிறகு வர்த்தகமாகவே இல்லை என்றால் 9.19 என்ற வரியே இருக்காது. பல நாள் தரவை ஒரே நேரத்தில் கொடுத்தால் இதற்கு நேர்மாறாக, இரவு முழுவதற்கும் வெற்று நிமிடங்கள் முளைக்கும். ஆகையால் நாள் வாரியாகப் பிரித்து, அந்த நாளின் பட்டியலை நீங்களே உருவாக்கிப் பொருத்துங்கள்:

```python
grid = pd.date_range("2024-07-08 09:15", "2024-07-08 15:29",
                     freq="1min", tz="Asia/Kolkata")
outside = bars[~bars.index.isin(grid)]
bars = bars.reindex(grid)
cols = ["volume", "trades"]
bars[cols] = bars[cols].fillna(0).astype("int64")
```

கடைசி பார் 15.29, 15.30 அல்ல. பட்டியலுக்கு வெளியே விழுந்தவற்றை `outside` என்று தனியே எடுத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. `reindex` எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அவற்றை நீக்கிவிடும். சரியாக 15:30:00 என்று முத்திரை இடப்பட்ட வர்த்தகமோ, மூடிய பிறகான அமர்வின் வர்த்தகமோ அங்கே இருக்கலாம். 15:30:00இல் வந்ததைக் கடைசி பாரில் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் சேர்க்கிறேன், அது தொடர் வர்த்தகத்தின் பகுதி. மூடிய பிறகான அமர்வைச் சேர்ப்பதில்லை.

## 8. நிரப்பும் முன்: இது எந்த வகை வெற்று நிமிடம்?

வர்த்தகம் இல்லாத நிமிடம் என்று அட்டவணையில் தெரிவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். சந்தை திறந்திருந்தும் யாரும் வாங்கவோ விற்கவோ இல்லை; சந்தையே நின்றிருந்தது; வர்த்தகம் நடந்தும் தரவு உங்களுக்கு வந்து சேரவில்லை. மூன்றும் அட்டவணையில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் முதல் வகையை மட்டும்தான் நிரப்பலாம்.

சந்தை நிற்பது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2020 மார்ச் 23 அன்று குறியீடுகள் 10 சதவீதம் வீழ்ந்ததும் சர்க்யூட் பிரேக்கர் இயங்கி 45 நிமிடம் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2021 பிப்ரவரி 24 அன்று தொழில்நுட்பக் கோளாறால் என்எஸ்இ 11.40க்கு நின்று, மாலை 3.45க்கு மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடந்தது. வழக்கமான 375 நிமிடப் பட்டியலை அந்த நாளுக்குப் பொருத்தினால் இரண்டு தவறுகள் ஒன்றாக நடக்கும்: நின்றிருந்த நேரம் அமைதியான சந்தையாகப் பதிவாகும், மாலையில் நடந்த உண்மையான வர்த்தகம் காணாமல் போகும். இத்தகைய நாள்களின் நேரங்களை அட்டவணையில் கையால் திருத்தி எழுதுங்கள்.

தரவு தவறியதா என்று அறிய, அந்தப் பங்கை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதே நிமிடத்தில் மற்ற பங்குகளைப் பாருங்கள். நீங்கள் சேகரிக்கும் பட்டியலில் மிக அதிகம் வர்த்தகமாகும் ஐந்தாறு பங்குகளுக்கும் அந்த நிமிடத்தில் ஒரு டிக்கும் இல்லை என்றால், உங்கள் ஃபீட்தான் அறுந்திருக்கிறது. ஸ்னாப்ஷாட்டில் இன்னொரு தடயமும் உண்டு: இடைவெளிக்குப் பின் வரும் முதல் செய்தியில் வால்யூம் திடீரெனப் பெரிதாகத் தாவியிருக்கும். எனக்குப் பிடித்த முறை, ஒவ்வொரு நிமிடத்துக்கும் `status` என்று ஒரு நெடுவரிசை வைத்து `traded`, `quiet`, `halt`, `lost` என்று நான்கில் ஒன்றை எழுதுவது. மொத்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான், தரவு வேறு இடத்திலிருந்து கிடைத்தால் `lost` நிமிடங்களை மட்டும் பிறகு மாற்றிவிடலாம்.

## 9. நிரப்புதல்: வரிசை முக்கியம்

`quiet` நிமிடத்தில் விலை என்று ஒன்று இருந்தால் அது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலைதான். ஆகவே முதலில் முடிவு விலையை முன்னோக்கி நீட்டுங்கள். பிறகு மற்ற மூன்றையும் அந்த முடிவு விலையாலேயே நிரப்புங்கள்:

```python
quiet = bars["status"].eq("quiet")
last = bars["close"].ffill()
for c in ("open", "high", "low", "close"):
    bars.loc[quiet, c] = last[quiet]
```

கிடைப்பது:

```text
        open    high    low     close   volume  status
09:15   212.40  212.55  212.10  212.55  180     traded
09:16   212.50  212.50  212.50  212.50   30     traded
09:17   212.50  212.50  212.50  212.50    0     quiet
09:18   213.00  213.00  212.80  212.80  275     traded
09:19   212.80  212.80  212.80  212.80    0     quiet
```

அட்டவணை முழுவதற்கும் ஒரே `ffill` போட்டால் என்ன ஆகும் என்று 9.19ஐப் பாருங்கள். தொடக்கம் 213.00, முடிவு 212.80 என்று வரும்; நடக்காத ஓர் இறக்கம் பதிவாகிவிடும். வால்யூமையும் சேர்த்து நீட்டியிருந்தால் 275 பங்குகள் இரண்டாம் முறை விற்றிருக்கும்.

9.16ஐயும் 9.17ஐயும் ஒப்பிடுங்கள். விலைகள் நான்கும் ஒன்றே. ஒன்றில் ஒருவர் 30 பங்கு வாங்கியிருக்கிறார்; மற்றதில் யாரும் இல்லை. விலையை வைத்து இதைப் பிரிக்க முடியாது. அதனால்தான் நிரப்பிய பிறகும் `status` அழியாமல் இருக்க வேண்டும்.

பின்னோக்கி நிரப்புவதும், இரண்டு விலைகளுக்கு நடுவே கோடு இழுப்பதும் கூடாது. 9.17க்கு 212.75 என்று சராசரி போட்டால், 9.18இல் விலை ஏறப்போவது 9.17க்கே தெரிந்துவிட்டது என்று பொருள். சராசரி வர்த்தக விலை வைத்திருந்தால் அதை வெற்று நிமிடத்தில் `NaN` ஆகவே விடுங்கள். வால்யூம் இல்லாமல் அப்படி ஒரு விலை இல்லை.

## 10. நாளின் தொடக்கம்

9.15க்கே வர்த்தகம் இல்லை என்றால் நீட்டுவதற்கு முன்விலை இல்லை. முன்திறப்பு அமர்வில் அந்தப் பங்குக்கு விலை நிர்ணயமாகியிருந்தால் அதையே முன்விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அமர்வின் வால்யூமை 9.15 பாரில் சேர்க்காதீர்கள். ஏல முறையில் ஒரே விலையில் நடந்த வர்த்தகத்தை அந்த நிமிடத்தின் பரபரப்பாகக் காட்டிவிடும்.

அதுவும் இல்லாதபோது முந்தைய நாளின் முடிவு விலையைக் கொண்டுவரப் பலர் விரும்புவார்கள். நான் முதல் வர்த்தகம் வரை காலியாகவே விடுகிறேன். இரவுக்கும் காலைக்கும் இடையே போனஸோ பங்குப் பிரிப்போ நடைமுறைக்கு வந்திருந்தால், பழைய விலை இரு மடங்காகவோ பத்து மடங்காகவோ நிற்கும். 9.40க்கு முதல் வர்த்தகம் வரும்போது பங்கு சரிந்தது போலத் தெரியும்.

## 11. நிரப்பிய பாரை எங்கே நம்பக் கூடாது

பெரிய கால அளவுக்கு மாற்றும்போது முதல் சிக்கல் வரும். மேலே உள்ள தரவில் 9.17, 9.18 இரண்டையும் சேர்த்து இரண்டு நிமிட பார் செய்யுங்கள். நிரப்பியதை அப்படியே திரட்டினால் தொடக்கம் 212.50, தாழ்வு 212.50. உண்மையில் அந்த இரண்டு நிமிடங்களில் முதல் வர்த்தகம் 213.00இல், தாழ்வு 212.80இல். ஆகவே `traded` வரிகளை மட்டும் திரட்டிவிட்டு, பிறகு பெரிய அளவில் வெற்றிடம் இருந்தால் அங்கே நிரப்புங்கள். pandas தன் இடைவெளிகளை நள்ளிரவிலிருந்து எண்ணுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். 30 நிமிட பார் 9.15க்குப் பதிலாக 9.00க்குத் தொடங்கிவிடும். நேரத்தை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்:

```python
start = pd.Timestamp("2024-07-08 09:15", tz="Asia/Kolkata")
real = bars[bars["status"].eq("traded")]
g = real.resample("30min", origin=start)
```

இரண்டாவது, ஏற்ற இறக்கத்தை அளக்கும் குறியீடுகள். வெற்று நிமிடத்தின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் வித்தியாசம் பூஜ்யம். மந்தமான பங்கில் இத்தகைய பார்கள் தொடர்ந்து வரும்போது 14 பார் ஏடிஆர் சுருங்கிவிடும். அதை வைத்து ஸ்டாப் லாஸ் இட்டால் அடுத்த ஒரே வர்த்தகம் அதைத் தொட்டுவிடும். இந்தப் பங்குகளுக்கு ஒரு நிமிடத்தில் ஏடிஆர் பார்ப்பதையே தவிர்த்து, பெரும்பாலான பார்களில் வர்த்தகம் இருக்கும் அளவுக்குக் காலத்தைக் கூட்டுவது நல்லது.

பின்சோதனையில் விதி ஒன்றுதான்: `quiet` நிமிடத்தில் எந்த ஆர்டரையும் நிறைவேற்றாதீர்கள். பங்கு மேல் சர்க்யூட்டில் நின்று விற்பவரே இல்லாத நிலையிலும் வரைபடத்தில் ஒரு நேர்கோடுதான் தெரியும். அந்த விலையில் வாங்கியதாக எழுதுவது கிடைக்காத பங்கை வாங்கியதாகக் கணக்கெழுதுவது.

## 12. நேரலையில்: பாரை மூடுவது யார்?

'அடுத்த நிமிடத்தின் டிக் வந்ததும் முந்தைய பாரை மூடு' என்பது நேரலை நிரல்களில் மிகப் பரவலான அமைப்பு. நம் பங்கில் 9.16 பார் இந்த முறையில் 9:18:22க்குத்தான் மூடப்படும், 9.17 பார் உருவாகவே உருவாகாது. மூடுவது கடிகாரத்தின் வேலையாக இருக்க வேண்டும். நிமிடம் முடிந்து ஒன்றிரண்டு விநாடி தாமதமாக வரும் டிக்குகளுக்காகக் காத்திருந்து, பிறகு மூடுங்கள். ஒரு டிக்கும் இல்லை என்றால் வெற்று பாரை வெளியிடுங்கள்.

அதற்குப் பிறகும் தாமதமாக வரும் டிக்கை எறிந்துவிடாதீர்கள். தனிக் கோப்பில் சேமியுங்கள். வெளியிட்ட பாரை நேரலையில் திருத்தவும் வேண்டாம், ஏனெனில் உங்கள் உத்தி ஏற்கெனவே அதைப் பார்த்து முடிவெடுத்துவிட்டது. மாலையில் முழுத் தரவையும் வைத்து மறுபடி கட்டி, இரண்டு வடிவங்களையும் தனித்தனியே வையுங்கள்.

## 13. சரிபார்ப்பு

நாள் முடிந்ததும், பார்களின் வால்யூமைக் கூட்டி, அதோடு முன்திறப்பு வால்யூமையும் `outside`இல் இன்னும் கணக்கில் சேராமல் கிடந்ததையும் சேர்த்தால், பரிவர்த்தனை மையம் வெளியிடும் அந்த நாளின் வால்யூமோடு பொருந்த வேண்டும். குறைந்தால் டிக் தவறியிருக்கிறது. கூடினால் இரட்டிப்போ, நீட்டப்பட்ட வால்யூமோ இருக்கிறது. நாளின் உச்சத்தையும் தாழ்வையும் அப்படியே ஒப்பிடுங்கள்.

முடிவு விலையை மட்டும் ஒப்பிட்டுப் பதறாதீர்கள். என்எஸ்இ வெளியிட்டுவந்த அதிகாரப்பூர்வ முடிவு விலை கடைசி அரை மணி நேரத்தின் வால்யூம் சார்ந்த சராசரி, உங்கள் 15.29 பாரின் முடிவு கடைசி வர்த்தகத்தின் விலை. இரண்டும் வேறாக இருப்பது இயல்பு. அதிகாரப்பூர்வ விலையைக் கொண்டு வந்து கடைசி பாரில் எழுதிவிட்டால், அந்த விலையில் அன்று ஒரு வர்த்தகம்கூட நடக்காமல் இருந்திருக்கலாம். அதற்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.